டெல்டா வயல் எல்லைகளுக்கு ஆர்ஃபியோ டூல்பாக்ஸ்: சில ஆண்டு அனுபவம்

காவிரி டெல்டாவின் நெல் வயல் எல்லைகளைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்க, ஆர்ஃபியோ டூல்பாக்ஸைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பிரான்சின் விண்வெளி நிறுவனமான சி.என்.இ.எஸ். தொடங்கிய இலவச மென்பொருள் இது. ஒரே மாதிரி இருக்கும் அண்டைப் பிக்சல்களை ஒரு துண்டாகச் சேர்த்துப் பாலிகனாகத் தரும். நம்பி வேலை செய்யலாம். ஆனால் முதலில் வருவது வயல் வரைபடம் அல்ல. ஒரு வயல் மூன்று நான்கு துண்டாக உடைந்திருக்கும். அவற்றைச் சேர்ப்பதில்தான் பாதிக்கு மேல் உழைப்பு.

நான் எடுத்துக்கொள்வது சென்டினல்-2 படம். அதன் பிக்சல் 10 மீட்டர். வரப்பு பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆகவே படத்தில் வரப்பு தெரியாது. இரண்டு வயல்களைப் பிரித்துக் காட்டுவது நடவு, அறுவடைத் தேதிகளின் வித்தியாசம்தான். ஒருவர் நட்டு இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து வயல்காரர் நட்டால், இங்கே பச்சை, அங்கே தண்ணீர். பயிர் நன்றாக வளர்ந்ததும் இரண்டும் ஒரே பச்சை, எல்லை காணாமல் போய்விடும். அதனால் ஒரு தேதிப் படம் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது. எனவே ஆனியில் குறுவை நடவு, ஆவணியில் பயிர் வளர்ந்த நிலை, மாசியில் சம்பா அறுவடைக்குப் பின் என்று மூன்று தேதிகள் எடுக்கிறேன். பருவம் மாறினாலும் வரப்பு மாறுவதில்லை என்பதால் இவற்றை ஒன்றாக அடுக்கலாம்.

ஒவ்வொரு தேதிக்கும் பயிர்ப்பசுமைக் குறியீடான என்.டி.வி.ஐ. கணக்கிட்டு, 100ஆல் பெருக்கி அடுக்கியபின் ஓட்டும் கட்டளை இது:

```
otbcli_LargeScaleMeanShift -in adukku.tif -spatialr 5 \
 -ranger 10 -minsize 10 -mode vector \
 -mode.vector.out vayal.shp
```

எல்லாம் `ranger` கையில்தான் இருக்கிறது. பிக்சல் மதிப்புகள் எவ்வளவு வேறுபட்டால் வேறு துண்டு என்று அது சொல்கிறது. அதன் இயல்பு மதிப்பு 15. பெருக்காத என்.டி.வி.ஐ. -1 முதல் 1 வரைதான் என்பதால், அதற்கு 15 கொடுத்தால் ஊரே ஒரு பாலிகனாகிவிடும். 10,000 வரை போகும் அசல் பேண்ட் மதிப்புக்கு அதே 15 கொடுத்தால் எல்லாம் பொடிப்பொடியாகும். இன்னொன்று: 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் மதிப்புடன் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. அதைக் கழிக்காவிட்டால் என்.டி.வி.ஐ. சுருங்கும், சரியாக இருந்த `ranger` திடீரென வயல்களை ஒட்ட ஆரம்பிக்கும்.

`minsize` ஒரு துண்டின் குறைந்தபட்ச அளவு: 10 பிக்சல், அதாவது சுமார் 25 சென்ட். ஒரு மாவுக்கும் கொஞ்சம் குறைவு. `ranger`-ஐ நான் வேண்டுமென்றே சற்றுக் குறைத்தே வைக்கிறேன். உடைந்ததைச் சேர்ப்பது எளிது. ஒட்டியதைப் பிரிக்க, கையால் கோடு வரைய வேண்டும்.

சரி, எதை எதோடு சேர்ப்பது? ஒன்றரை ஏக்கர் வயல் ஒன்று மூன்று பாலிகனாக வந்தது. பண்புப் பட்டியலில் `meanB0`, `meanB1`, `meanB2` என்ற பத்திகளில் மூன்று தேதிகளின் சராசரி இருக்கும். பெரிய துண்டுக்கு 22, 67, 30. ஒரு மூலைக்கு 41, 69, 29. அது நாற்றங்கால்: மற்ற இடம் சேறாக இருந்தபோது அங்கு மட்டும் பச்சை. இன்னொரு துண்டுக்கு 20, 66, 44. தண்ணீர் வடியாத பள்ளம், அறுவடைக்குப் பிறகும் புல் மண்டியிருந்தது. பக்கத்து வயலுக்கோ 45, 50, 52. இதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி: பெரிய துண்டோடு ஒரு தேதியில் மட்டும் வேறுபட்டால் சேர்க்கலாம், இரண்டிலோ மூன்றிலோ வேறுபட்டால் அது உண்மையான எல்லை. சில நாள் இடைவெளியில் நட்ட இரு வயல்களும் ஒரே தேதியில் மட்டும் வேறுபடலாம் என்பதால், சேர்க்குமுன் தெளிவான பின்னணிப் படத்தில் வரப்பைப் பார்த்துவிடுவேன்.

சேர்ப்பதற்கு கியூஜிஐஎஸ்-இல் `Eliminate Selected Polygons` இருக்கிறது. நீளமான பொது எல்லை உள்ள அண்டைத் துண்டோடு சேர்க்கும்படி அதில் தேர்வு செய்யலாம். சிதறிய சில்லறைத் துண்டுகளுக்கு அது நல்லது. ஆனால் அந்த நாற்றங்கால் மூலையில் இருந்ததால், அதன் நீளமான எல்லை பக்கத்து வயலோடு! இப்படிப்பட்ட துண்டுகளுக்கு ஒரே வயல் எண் கொடுத்து `Dissolve` செய்கிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் தவறாக ஒட்டாது.

கடைசியில் எல்லைகள் படிக்கட்டாக இருக்கும். `Simplify` ஒவ்வொரு பாலிகனையும் தனித்தனியே நேராக்குவதால் வயல்களுக்கிடையே இடைவெளியும் மேற்கவிதலும் வரும். கிராஸ் மென்பொருளின் `v.generalize` பொது எல்லையை ஒரே கோடாக வைத்திருக்கும். `douglas` முறையில் 10 மீட்டர் கொடுத்தால் படிக்கட்டு மறைந்து, எல்லைகள் ஒட்டியே நிற்கும்.

ஒரே நாளில் நட்டு, ஒரே இயந்திரம் அடுத்தடுத்து அறுத்த வயல்கள் இதில் பிரியவே பிரியாது. ஒரு மாவுக்குக் குறைந்த வயல்களும் அப்படித்தான். அவற்றுக்கு இன்னும் நுண்ணிய படம் வாங்க வேண்டும், அல்லது புல வரைபடத்தைப் பார்த்துக் கையால் வரைய வேண்டும்.