‘அறிவியல் பாடநூல் எழுத்துரு’ என்ற பெயரில் 14,500 ரூபாய் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நேற்று இரவு அந்த எழுத்துருவை விற்ற கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தமிழ்வழியில் வேதியியல் கேள்வித்தாள், கையேடு, வினா வங்கி என்று எதையாவது தயாரிப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். என் குறிப்புகளை ஒரு வினா வங்கியாகப் போடலாம் என்று இந்த வருடம் உட்கார்ந்தேன். தமிழ் ஒரு எழுத்துருவில், H₂O போன்ற வாய்பாடுகள் இன்னொன்றில், அம்புக்குறி மூன்றாவதில் என்று பக்கம் முழுக்க ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் எழுத்துரு விற்கும் ஓர் இணையக் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. கீழெண், மேலெண், குறியீடு, தமிழ், ஆங்கிலம் எல்லாம் ஒரே எழுத்துருவில், யுனிகோடில், பாடநூல் தரத்தில் என்று போட்டிருந்தார்கள். இரண்டு கணினிக்கான உரிமம் 14,500 ரூபாய்.

விலை அதிகம் என்று தயங்கினேன். "மேடம், சாம்பிள் அனுப்புகிறேன், பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லி வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். நான் நம்பியது அந்த ஒரு பக்கத்தைத்தான். "சுண்ணாம்புக்கல்லைச் சூடுபடுத்தும்போது" என்று தமிழில் ஒரு வரி, அடுத்த வரியில் CaCO₃ → CaO + CO₂, அதற்குக் கீழே H₂SO₄, NH₃, Fe₃O₄. எழுத்தின் தடிமனும் கீழெண்ணின் தடிமனும் அப்படியே ஒத்துப்போயின. ஒரு வேதியியல் ஆசிரியை நான், அந்தப் பக்கத்தில் என்ன இல்லை என்று பார்க்கத் தோன்றவில்லை. அன்று மாலையே பணம் அனுப்பினேன்.

முதலில் உலோகவியல் பாடம். தாதுக்களின் அட்டவணையில் ஹேமடைட் Fe₂O₃, மேக்னடைட் Fe₃O₄, இரும்பு பைரைட் FeS₂, கலமைன் ZnCO₃. அப்புறம் நிக்கலைத் தூய்மையாக்கும் மாண்ட் முறையில் Ni(CO)₄, வான் ஆர்கல் முறையில் TiI₄. எல்லாம் அழகாக வந்தன. வகுப்பு முடிந்து இரவில்தான் தட்டச்சு செய்ய முடியும் என்பதால் இதற்கே ஒன்பது நாள் ஆனது. பத்தாவது நாள் அலுமினியத்துக்கு வந்தேன். ஹால்-ஹெரால்ட் முறை, கிரையோலைட், Na₃AlF₆. ₃ சரியாக உட்கார்ந்தது, பக்கத்திலேயே ₆ வேறு உருவத்தில், மெலிந்து, கொஞ்சம் இறங்கி நின்றது. அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பெரிய இடைவெளி வேறு. அடுத்து Al³⁺ போட்டேன். ³ ஒரு மாதிரி, ⁺ இன்னொரு மாதிரி.

பிடிஎஃப் ஆக்கி அதன் `Properties` பகுதியில் `Fonts` பட்டியலைத் திறந்தேன். நான் வாங்கிய எழுத்துருவோடு `Cambria Math` என்று இன்னொரு பெயரும் இருந்தது. இல்லாத எழுத்துக்கு வேர்ட் சத்தமில்லாமல் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. விண்டோஸில் `charmap` திறந்து எழுத்துருவைத் தேர்ந்து பார்த்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. அந்த எழுத்துருவில் இருந்த கீழெண்கள் ₂, ₃, ₄ மட்டும். மேலெண்களும் ², ³, ⁴ மட்டும். ₀, ₁, ₅ முதல் ₉ வரை எதுவும் இல்லை, ⁺ ⁻ இல்லை, மீள்வினைக்கான ⇌ இல்லை.

ஏன் இந்த மூன்று எண்கள் மட்டும் என்று நானும் குழம்பினேன். காரணம் வேதியியலே இல்லை. கீர்த்தனைப் புத்தகங்களில் வடமொழி ஒலிகளைக் காட்ட க², க³, க⁴ என்று எழுத்தோடு சின்ன எண் போடுவார்களே, அதற்காகத் தமிழ் எழுத்துருக்களில் இந்த எண்களை மட்டும் சேர்த்து வைப்பதுண்டு. ஒரு சாதாரணத் தமிழ் எழுத்துருவில் ஏற்கெனவே இருந்ததை அறிவியல் எழுத்துரு என்று பெயர் மாற்றி 14,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சாம்பிளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், அத்தனை வாய்பாடுகளிலும் 2, 3, 4 தவிர வேறு கீழெண் கிடையாது, ஓர் அயனி கூடக் கிடையாது. தற்செயலாக அப்படி அமையுமா?

போன் செய்தேன். முதல் பதில், "உங்க வேர்ட் பழைய பதிப்பு மேடம், அதான்." தோழியின் புதுக் கணினியில் போட்டு, அதே குறையைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில், "6 அடிச்சு சப்ஸ்கிரிப்ட் பட்டனை அழுத்துங்க, முடிஞ்சது." முடியவில்லை சார். அந்தப் பட்டன் சாதாரண 6-ஐத்தான் சுருக்கிக் கீழே இறக்குகிறது, உருவம் சுருங்கும்போது கோடும் சேர்ந்து மெலிகிறது. கீழெண்ணாகவே வரைந்த ₃ தடிமனாகவும் பக்கத்தில் 6 வெளிறியும் நிற்கிறது. எல்லா எண்ணையும் பட்டனிலேயே போடுவதென்றால் எந்த எழுத்துருவிலும் போடலாமே, 14,500 எதற்கு? SO₄²⁻ பற்றியும் கேட்டேன். பாடநூலில் 4-க்கு நேர் மேலே 2− நிற்க வேண்டும். "எங்க ஃபான்ட்ல தானா மேலே ஏறும்" என்று விற்கும்போது சொன்னவர், இப்போது "அதுக்கு ஈக்வேஷன் எடிட்டர் வேணும்" என்கிறார். இது உண்மைதான், யுனிகோடு கீழெண்ணும் மேலெண்ணும் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். அதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது. ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம், மென்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். அடுத்த பதிப்பில் சேர்த்துத் தருகிறோம் என்றார். எப்போது என்றால் பதில் இல்லை. நான்கு நாள் செய்திகளைப் படித்ததற்கான நீலக்குறி மட்டும் விழுந்தது, நேற்று பிளாக். 14,500 ரூபாய் என்பது எனக்குப் பத்துப் பிள்ளைகளின் ஒரு மாத டியூஷன் கட்டணம்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. அவர்கள் தரும் சாம்பிளை நம்பாதீர்கள், நீங்கள் ஒரு வரி கொடுத்து அதைப் போட்டு பிடிஎஃப் கேளுங்கள், படமாகத் தந்தால் வாங்காதீர்கள். இந்த வரியைக் கொடுங்கள்:

```
₀₁₂₃₄₅₆₇₈₉ Na₃AlF₆ Na₂B₄O₇ C₆H₁₂O₆ Fe³⁺ SO₄²⁻ N₂ + 3H₂ ⇌ 2NH₃ 25 °C கொதிநீர்
```

வந்த பிடிஎஃபில் `Fonts` பட்டியலைப் பாருங்கள், அவர்கள் சொன்ன பெயர் தவிர வேறு குடும்பத்துப் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். தமிழ்ச் சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் அது பெரும்பாலும் யுனிகோடு இல்லை. திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். இன்னும் சில சொல்ல நினைத்தேன், இப்போது முடியவில்லை. தமிழுக்குப் பழைய எழுத்துருவும் வாய்பாடுகளுக்கு எல்லாக் கீழெண்ணும் உள்ள ஓர் ஆங்கில எழுத்துருவுமாக, தட்டச்சு செய்த பக்கங்களை இன்று இரவே திரும்ப மாற்ற உட்கார வேண்டும்.