முன்மொழிவின் வரிசை: நம்முடையதா, கேட்டவருடையதா?

ஒரு பணிக்காக நிறுவனங்களிடம் முன்மொழிவு கேட்டு வரும் கோரிக்கைக்குப் பதில் எழுதும்போது, நிறுவன வரலாற்றில் தொடங்கி நம் போக்கில் செல்லும் அமைப்பு படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் மதிப்பீட்டாளர் மதிப்பெண் தாளின்படி ஒவ்வொரு கூறாகத் தேடுகிறவர் என்பதால், கண்ணில் படாத தகுதிக்கு அவரால் மதிப்பெண் தர இயலாது. கோரிக்கையின் பிரிவு எண்களையே தலைப்புகளாகக் கொள்ளும் அமைப்பு சற்று வறண்டதுதான். எனினும் நான் அதையே தேர்வேன்.

எடுத்துக்காட்டாக, பிரிவு 4.2 மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கேட்டால், கேட்ட ஒவ்வொன்றுக்கும் நம் பதிலைக் காட்டும் இணக்கப் பட்டியலில் "ஆம்" என்று மட்டும் எழுதாமல், "ஆம், இணைப்பு 3, பக்கம் 41" என்று குறிக்க வேண்டும். பக்கத்தைத் தேடும்போதே, ஓர் ஆண்டின் அறிக்கையில் தணிக்கையாளரின் கையொப்பம் விடுபட்டிருப்பது நமக்குத் தெரிந்துவிடும். கட்டாய ஆவணம் குறைந்தால், தொழில்நுட்பப் பகுதி எவ்வளவு சிறந்திருந்தாலும் நம் விலையைத் தனியே வைத்து மூடிய உறை பிரிக்கப்படாமலே போகலாம்.