சோலார் ஏரேட்டர்: பேட்டரியை மேகமூட்ட நாளுக்குக் கணக்கிடுங்கள்

கால் ஏக்கர் மீன் குளத்தில் 1 எச்.பி. பேடில் வீல் ஏரேட்டர், 3 கிலோவாட் பேனல், 51.2 வோல்ட் 250 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. இந்த அமைப்பை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை இவை.

வெயில் அடிக்கும் பகலில் ஏரேட்டருக்குப் பெரிதாக வேலையில்லை. பாசியே ஆக்ஸிஜன் தந்துவிடும். இருட்டியதும் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறையும். ஆகவே ஏரேட்டரை எப்போது போடுவது என்பதை கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாமல் ஆக்ஸிஜன் மீட்டரை வைத்து முடிவு செய்வதே சரி.

மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் அளக்க வேண்டும். 6 மணிக்கு லிட்டருக்கு 7.6 மி.கி., 9 மணிக்கு 6.1 என்றால் மணிக்கு 0.5 குறைகிறது. அப்படியே போனால் இரவு 1 மணி வாக்கில், ஏரேட்டரைப் போட வேண்டிய அளவான 4-ஐத் தொடும். அப்போது போட்டு, காலை 7 வரை ஓட்டினால் 6 மணி நேரம். மோட்டார் 0.9 கிலோவாட் இழுப்பதால் 5.4 யூனிட்.

பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். சிக்கல் மேகமூட்ட நாளில்தான். வெயில் இல்லாததால் பாசி ஆக்ஸிஜன் தரவில்லை; அதே காரணத்தால் பேட்டரியும் ஏறவில்லை. மாலையில் 5.2, இரவு 9-க்கு 3.7 என்று காட்டினால் உடனே போட்டாக வேண்டும். காலை 7 வரை 10 மணி நேரம், 9 யூனிட். இன்வெர்ட்டர் இழப்பு 10 சதவீதம், பேட்டரியில் 80 சதவீதம் மட்டுமே பயன்படுத்துவது என்று வைத்தால் 12.5 யூனிட் கொள்ளளவு தேவை. மேலே சொன்ன பேட்டரி அதற்குத்தான். அதுவும் நிரம்பிய நிலையில் இருந்தால் ஓர் இரவு தாங்கும். அடுத்த நாளும் மேகம் என்றால் ஜெனரேட்டர் இல்லாமல் சமாளிக்க முடியாது. அந்த இரண்டு நாளும் தீவனத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

இன்வெர்ட்டர் 3 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகிவிடும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் இன்னும் நிம்மதி. பேட்டரி இறங்கினால் இன்வெர்ட்டர் தானாக நிற்பது பெரும்பாலும் அதிகாலை 3, 4 மணிக்கு, மீன் ஏற்கனவே திணறும் நேரத்தில். அதனால் ஏரேட்டர் நின்றால் ஒலிக்கும் அலாரத்துக்குத் தனியாக ஒரு சிறு பேட்டரி வேண்டும். ஏரேட்டர் லைனிலேயே கொடுத்தால் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும்.

மீட்டர் புரோபின் முனையில் வழவழப்பான படலம் பிடித்தால் அளவு தவறும். வாரம் ஒருமுறை மென்மையாகத் துடைத்து, ஈரக் காற்றில் பிடித்து 100 சதவீதம் காட்டுகிறதா என்று பாருங்கள்.