கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கியதும், பிறகு கற்றுக்கொண்டதும்: ஒன்பது வருட அனுபவம்

ஒன்பது வருடமாகத் தினமும் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். அதில் முதல் மூன்று வாரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். அப்போது செய்த தவறைப் புரிந்துகொள்ளும்போதுதான் லென்ஸ் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எதற்கு என்று விளங்கியது.

அப்போது எனக்கு வயது 36. என் கண்ணாடிச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

```
OD  SPH -7.00
OS  SPH -6.00  CYL -0.50  AXIS 180
```

OD என்றால் வலது கண், OS என்றால் இடது கண். SPH என்பது எல்லாத் திசையிலும் ஒரே அளவான கோளப் பவர், CYL என்பது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் சிலிண்டர் பவர், AXIS அந்தச் சிலிண்டரின் கோணம். லென்ஸ் விற்கும் ஒரு தளத்தில் இதே பவரை அப்படியே போட்டேன், வலதுக்கு -7.00, இடதுக்கு -6.00. CYL போட அந்த லென்ஸில் இடமே இல்லை, அதனால் விட்டுவிட்டேன். அடுத்து BC, DIA என்று இரண்டு கட்டங்கள். என் சீட்டில் அவை கிடையாது. நிரப்பாமல் மேலே போக முடியவில்லை. BC பட்டியலில் முதலில் இருந்த 8.4-ஐ எடுத்தேன், DIA கட்டத்தில் 14.2 தானாகவே வந்து நின்றது. வாங்கிவிட்டேன்.

முதல் நாள் பார்வை பிரமாதமாக இருந்தது. தூரத்து எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதைவிடக் கறுப்பாக, கூர்மையாகத் தெரிந்தன. இப்போது யோசித்தால் அதுவே எச்சரிக்கையாக இருந்திருக்கிறது. கிட்டப்பார்வைக்காரருக்கு மைனஸ் பவர் கொஞ்சம் கூடிப்போனால் எழுத்து அப்படித்தான் அடர்த்தியாகத் தெரியும். கண்ணுக்குள் இருக்கும் தசை ஓயாமல் வேலை செய்து, கூடிப்போன பவரை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அது தெரியாது. மாலையில் படிக்க உட்கார்ந்தபோது தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் நெற்றி வலித்தது, நிமிர்ந்து பார்த்தால் தூரம் தெளிய இரண்டு மூன்று நொடி ஆனது.

இரண்டாவது தொல்லை வேறு மாதிரி. போட்டதும் லென்ஸ் இருப்பதே தெரியாது, அவ்வளவு சுகம். ஆறேழு மணி நேரம் கழித்து கண் இறுகப் பிடித்தது போல இருக்கும், சிவக்கும். பார்வை மங்கலாக இருந்து, கண் சிமிட்டிய அந்த நொடியில் மட்டும் தெளிந்து, மறுபடி மங்கும். கழற்றும்போது லென்ஸ் சுலபமாக நகராது. கழற்றிய பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால், வெள்ளை விழியில் கருவிழியைச் சுற்றி வளையம் போல ஒரு அழுத்தத் தடம்.

மூன்றாவது வாரம் லென்ஸைப் போடுவதை நிறுத்திவிட்டு பார்வையைச் சோதித்து லென்ஸ் பொருத்தும் ஒரு ஆப்டோமெட்ரிஸ்டிடம் போனேன். கண்ணாடிச் சீட்டையும் லென்ஸ் பெட்டியையும் மேசையில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த 8.4 யார் எழுதிக் கொடுத்தது?"

பவரிலிருந்து அவர் விளக்க ஆரம்பித்தார். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணின் மேலேயே ஒட்டியிருக்கிறது. மைனஸ் பவர் ஒளியை விரிக்கும். அதே பவரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் அதன் விளைவு கூடிவிடும், அதனால் லென்ஸுக்குக் குறைந்த மைனஸ் போதும். பிளஸ் பவருக்கு நேரெதிர், லென்ஸில் கொஞ்சம் கூட்ட வேண்டும். கணக்கு இதுதான்:

```
Fc = F / (1 - d × F)
```

F கண்ணாடியின் பவர், d மீட்டரில் இடைவெளி (12 மில்லிமீட்டர் என்றால் 0.012), Fc கண்ணின் மேல் தேவைப்படும் பவர். என் வலது கண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். 0.012-ஐ -7-ஆல் பெருக்கினால் -0.084. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 1.084. -7-ஐ 1.084-ஆல் வகுத்தால் -6.46. கிடைக்கும் லென்ஸில் அதற்கு மிக அருகில் இருப்பது -6.50. நான் போட்டிருந்ததோ -7.00, அதாவது அரை டயாப்டர் அதிகம். டயாப்டர்தான் பவரின் அலகு.

இடது கண்ணில் இன்னொரு படி உண்டு. அங்கே -0.50 சிலிண்டர் இருக்கிறது. இவ்வளவு சிறிய சிலிண்டருக்கு, அதையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. சிலிண்டரில் பாதியைக் கோளப் பவரோடு சேர்த்துவிடுவார்கள். -6.00-உடன் -0.25 சேர்ந்து -6.25. அதை மேலே சொன்ன கணக்கில் போட்டால் -5.81, ஆகவே -5.75 லென்ஸ். சிலிண்டர் பெரிதாக இருந்தால் இந்தக் குறுக்குவழி ஒத்துவராது. அப்போது டோரிக் லென்ஸ் வேண்டும், இரண்டு அச்சுகளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். லென்ஸ் கண்ணில் எவ்வளவு சுழன்று நிற்கிறது என்று பார்த்து AXIS-ஐயும் திருத்துவார்கள். அதனால் அதையும் கண்ணாடிச் சீட்டிலிருந்து எடுத்து எழுத முடியாது.

"என் நண்பர் கண்ணாடிப் பவரையே லென்ஸுக்கும் போடுகிறாரே" என்று கேட்டேன். அவருக்கு -3.00. கணக்குப் போட்டால் -2.90 வரும். லென்ஸ்கள் 0.25 இடைவெளியில்தான் கிடைக்கும், எனவே -3.00-தான் மிக அருகில் இருக்கிறது. பொதுவாக நான்கு டயாப்டருக்குக் கீழே இந்த வித்தியாசம் லென்ஸின் ஒரு படியைக்கூட எட்டுவதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் இத்தனை பேரிடம் இருக்க இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பவர் விஷயத்தில் அது பலித்துவிடுகிறது. ஆனால் அவர்களுக்கும் BC, DIA கண்ணாடிச் சீட்டிலிருந்து கிடைக்கப் போவதில்லை.

என் கண்ணை இறுக்கியது அந்த இரண்டு எண்களும்தான். BC என்பது பேஸ் கர்வ், லென்ஸின் உட்புற வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். எண் சிறிதானால் வளைவு அதிகம், லென்ஸ் குழிவாக இருக்கும். எண் பெரிதானால் தட்டையாக இருக்கும். DIA என்பது ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரையுள்ள விட்டம். மென்மையான லென்ஸ் கருவிழியை முழுவதும் மூடி, சுற்றிலும் வெள்ளை விழியின் மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் படிய வேண்டும். அதனால் விட்டம் வழக்கமாக 14 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். (கண்ணாடிக்கடையிலும் பேஸ் கர்வ் என்று சொல்வார்கள். அது கண்ணாடியின் முன்புற வளைவு. இதோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.)

இந்த இரண்டையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்பது எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதற்கு முன் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கருவிழியின் வளைவைக் கெரட்டோமீட்டரில் அளந்தார்கள், கருவிழியின் அகலத்தையும் குறித்துக்கொண்டார்கள். 8.6 / 14.2 டிரையல் லென்ஸைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தபடி என்னைக் கண் சிமிட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் லென்ஸ் மிகச் சிறிதளவு நகர்ந்து திரும்ப வேண்டுமாம். அந்த அசைவில்தான் லென்ஸுக்கு அடியில் கண்ணீர் புதுப்பிக்கப்படுகிறது. அடுத்து கீழிமையால் லென்ஸை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தார். தயங்காமல் நகர்ந்து, தானே நடுவுக்கு வந்தது. நான் வாங்கிய 8.4-ஐயும் போட்டுக் காட்டச் சொன்னேன். அது தள்ளினாலும் அசைய மறுத்தது.

லென்ஸ் தளர்வாக இருந்தால் அறிகுறிகள் வேறாக இருக்கும் என்றார். போட்டதிலிருந்தே உறுத்தும், லென்ஸ் கண்ணில் அலையும், கீழ் விளிம்பு தூக்கிக்கொள்ளும், சிமிட்டிய உடனே பார்வை மங்கிப் பிறகு தெளியும். எனக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். கடைசியாக, லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே மேலே கண்ணாடிகளை வைத்துப் பவரைச் சரிபார்த்தார். கணக்கு சொன்ன எண்களே உறுதியாயின:

```
OD  PWR -6.50  BC 8.6  DIA 14.2
OS  PWR -5.75  BC 8.6  DIA 14.2
```

படிக்கும்போது வரும் நெற்றி வலி முதல் வாரத்திலேயே போய்விட்டது. சிவப்பும் வளையத் தடமும் திரும்ப வரவில்லை.

நான்கு வருடம் கழித்து அந்த வகை லென்ஸ் கிடைக்காமல் போனது. வேறு வகைக்குப் போக வேண்டிவந்தது. சோதித்துவிட்டு அவர் எழுதியது BC 8.4, DIA 14.0. எனக்குப் பழைய 8.4-இன் நினைவு வந்து பயமாகிவிட்டது. வெளிப்படையாகவே சொன்னேன். "விட்டத்தைப் பாருங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். லென்ஸைக் கவிழ்த்த கிண்ணமாக நினைத்துக்கொண்டால், அதன் ஆழம்தான் இறுக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆழத்தை ஆரமும் விட்டமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. எளிய வட்டக் கணக்கில் 8.6 / 14.2 லென்ஸின் ஆழம் 3.75 மில்லிமீட்டர். 8.4 / 14.0 லென்ஸுக்கு 3.76. ஏறக்குறைய ஒன்றேதான். நான் முதலில் வாங்கிய 8.4 / 14.2-க்கோ 3.91 வருகிறது. வளைவு கூடியதை விட்டம் குறைந்து ஈடுகட்டியிருக்க வேண்டும். என் முதல் லென்ஸில் அப்படி நடக்கவில்லை. அன்று 8.4 என்ற எண்ணை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் தவறு அந்த ஜோடியில் இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கை நம்பி யாரும் தாங்களே லென்ஸ் மாற்ற வேண்டாம். லென்ஸின் உட்புறம் ஒரே வளைவாக இருக்க வேண்டியதில்லை, விளிம்பை நோக்கி வளைவு மாறலாம். பொருளின் விறைப்பும் வகைக்கு வகை வேறுபடும். ஒரே BC, ஒரே DIA அச்சிட்ட இரண்டு வகை லென்ஸ்கள் ஒரே கண்ணில் வேறு வேறாக உட்காருவது இதனால்தான். லென்ஸ் சீட்டில் தயாரிப்பின் பெயர் எழுதியிருப்பதும் இதனால்தான். அந்தப் பெயரும் அளவின் ஒரு பகுதி. எண்கள் ஒத்துப்போகின்றன என்று வேறு பெயரில் வாங்கினால், அந்தக் கண்ணில் யாரும் சோதித்துப் பார்க்காத லென்ஸைத்தான் வாங்குகிறோம்.

இரண்டு வருடம் முன்பு வலது கண்ணின் கண்ணாடிப் பவர் -7.50 ஆனது. கணக்குப்படி லென்ஸுக்கு -6.88. என் லென்ஸ் வகையில் -6.00-க்கு மேல் 0.50 இடைவெளிதான் கிடைக்கிறது. -6.50, -7.00 இரண்டையும் போட்டுப் பார்த்து -7.00 என்று முடிவு செய்தார்கள். அப்போதே புதுக் கண்ணாடியும் செய்துகொண்டேன், அதன் சீட்டில் -7.50 என்றே இருக்கிறது. லென்ஸின் -7.00-ஐக் கண்ணாடிக்கு எழுதியிருந்தால் தூரம் மங்கியிருக்கும், இந்தப் பக்கமிருந்தும் நகல் எடுக்க முடியாது. இப்போது புதுப் பெட்டி வந்ததும் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு லென்ஸின் மூடியிலும் அச்சிட்டிருக்கும் PWR, BC, DIA மூன்றையும், லென்ஸின் பெயரையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் முதல் லென்ஸைப் பிரிக்கிறேன்.