நான்கு வருடமாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு வருகிறேன்

முதல் வருடம் முழுக்க நான் சுட்டதெல்லாம் தொண்டையை அடைக்கும் ரகம்தான். ஓவனை 220 டிகிரிக்குச் சூடாக்கி, கிழங்கை உள்ளே வைத்து, முக்கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். குத்திப் பார்த்தால் வெந்திருக்கும். தின்றால் மாவு மாவாக இருக்கும், இனிப்பும் பேருக்குத்தான். கிழங்குதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஒரே குவியலிலிருந்து ஒரே பருமனில் இரண்டு எடுத்தேன். இரண்டும் கால் கிலோவை ஒட்டிய எடை, ஆரஞ்சு நிறச் சதை. ஒன்றை வழக்கம்போல் 220 டிகிரியில் சுட்டேன். மற்றதைச் சூடாக்காத ஓவனில் வைத்து, 130 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் 200க்கு ஏற்றி இன்னும் 40 நிமிடம் வைத்தேன். இரண்டாவதன் தோல் சுருங்கி, சதையை விட்டு விலகி நின்றது. நுனியில் பாகு வழிந்து தட்டில் கருகி ஒட்டியிருந்தது. கரண்டியால் அள்ளித் தின்னும் பதம். முதலாவதை அதன் பக்கத்தில் வைத்துத் தின்னவே மனம் வரவில்லை.

காரணம் இதுதான். கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று கிழங்கிலேயே இருக்கிறது. மாவுச்சத்து சூட்டில் ஊதி இளகினால்தான் அதனால் நன்றாக வேலை செய்ய முடியும். அது நடப்பது ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல். ஆனால் 80ஐ நெருங்கும்போது நொதியே செயலிழந்துவிடும். ஆக, கிழங்கின் உள்ளே அந்த இடைப்பட்ட சூடு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இனிப்பு. மாவுச்சத்து கரைந்து சர்க்கரையாகக் குறையும்போது வாயில் ஒட்டும் வறட்சியும் குறைகிறது. 220 டிகிரி ஓவன் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. மைக்ரோவேவ் இன்னும் மோசம்.

மெதுவான சூடு மட்டும் போதுமா என்றால், போதாது. 130லேயே கடைசிவரை விட்டுப் பார்த்தேன். இனிப்பு வந்தது, ஆனால் சதை குழையவில்லை, சுட்ட வாசமும் இல்லை. நடுப்பகுதி 95 டிகிரிக்கு மேல் போனால்தான் குழைவு வருகிறது. கம்பி வெப்பமானி இல்லாதவர்கள் மெல்லிய கத்தியைச் செருகிப் பார்க்கலாம். வெண்ணெயில் இறங்குவதுபோல் நடுவரை தடையில்லாமல் இறங்க வேண்டும். ஃபாயிலில் சுற்றுவதை இரண்டாம் வருடமே விட்டுவிட்டேன். சுற்றினால் கிழங்கு தன் ஆவியிலேயே அவிந்துவிடுகிறது. சுற்றாமல் விட்டால் கொஞ்சம் நீர் வற்றி இனிப்பு இறுகுகிறது.

கரியில் சுடும்போதும் கணக்கு இதேதான், பொறுமைதான் கூடுதலாக வேண்டும். கங்கு சிவந்திருக்கும்போதே கிழங்கை மேலே போட்டுவிட்டு, வெளியே அரை விரல் கனத்துக்குக் கருகி நடுவில் பச்சையாக இருந்ததைப் பலமுறை தின்றிருக்கிறேன். இப்போது தணல் சாம்பல் பூத்து வெளுக்கும்வரை காத்திருக்கிறேன். கிழங்கைச் சாம்பலில் புதைத்து, தணலை மேலே போடாமல் சுற்றிலும் ஒதுக்கி, கால் மணிக்கு ஒருமுறை திருப்பிவிடுகிறேன். நடுத்தரக் கிழங்குக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. வெளித்தோல் கருகத்தான் செய்யும், அதை உரித்துவிட்டால் போயிற்று. ருசியில் ஓவனை விட இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் ஓவன்போல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது.

நாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வறட்சியும் நாரும் வேறு வேறு. வறட்சியைச் சூட்டால் சரிசெய்யலாம், முற்றிய நாரை எவ்வளவு நேரம் சுட்டாலும் கரைக்க முடியாது. பச்சைக் கிழங்கின் நுனியை ஒடித்துப் பார்த்தால் நார் இழை இழையாக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால் அதைச் சுடுவதில்லை, வேகவைத்து மசித்துச் சல்லடையில் தேய்த்துவிடுகிறேன். பெருத்த கிழங்கில்தான் இந்தத் தொல்லையை அதிகம் பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனைத் தாண்டாததாகப் பார்த்து எடுப்பதற்கு அது ஒரு காரணம், சூடு நடுவரை சீராகப் போவது இன்னொன்று.

நான் செய்த பெரிய தப்பு, வாங்கியதை ஃபிரிட்ஜில் வைத்ததுதான். பத்து நாள் கழித்து எடுத்துச் சுட்டேன். சுற்றிலும் குழைந்திருக்க, நடுவில் மட்டும் பச்சைக் கிழங்குபோல் ஒரு கட்டி. இன்னும் அரை மணி வைத்தும் அசையவில்லை. குளிர் தாக்கிய கிழங்குக்கு அப்படித்தான் ஆகும், சுட்டு மீட்க முடியாது. இப்போது வெளியே, காற்றோட்டமான நிழலில்தான் வைக்கிறேன்.

வெள்ளைச் சதைக் கிழங்கில் மட்டும் எனக்கு இன்னும் முழு வெற்றி இல்லை. அதே 130, அதே ஒரு மணி நேரம். இனிப்பு கொஞ்சம் கூடுகிறது, ஆனால் பாகு வழிவதில்லை, மாவுத்தன்மையும் முழுதாகப் போவதில்லை. ரகமே அப்படி. அதைச் சூடாக இருக்கும்போதே பிளந்து வெண்ணெய் தடவிக்கொள்கிறேன்.