பீப்பாய் கொள்ளளவு: எந்தச் சூத்திரம் ஏமாற்றும்?

திருவாரூர்ப் பக்கம் வயல் வைத்திருக்கும் சித்தப்பா, காரைக்காலில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மரப் பீப்பாய் வாங்கி வந்திருக்கிறார். மேல்மூடியைக் கழற்றிவிட்டு அதில் ஜீவாமிர்தம் போடப் போகிறாராம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ. எல்லாம் சேர்ந்தால் 220 லிட்டர் வரும். அதற்கு மேல் கோல் விட்டுக் கலக்கவும் இடம் வேண்டும்.

உள் அளவுகள் இவை: தலை விட்டம் (d) 52 செ.மீ., நடு விட்டம் (D) 65 செ.மீ., அடிப்பலகையிலிருந்து மேல்மூடி உட்கார்ந்திருந்த காடி வரை உயரம் (h) 84 செ.மீ. கணக்குப் போட நான்கு வழிகள் உண்டு.

```
சராசரி உருளை:   π·h/4  × ((D + d)/2)²
இரு கூம்பு:      π·h/12 × (D² + D·d + d²)
கெப்ளர்:        π·h/12 × (2D² + d²)
பரவளைவு:       π·h/60 × (8D² + 4D·d + 3d²)
```

சராசரி உருளை 225.8 லிட்டர் என்கிறது. இரு கூம்பு 226.7. இந்தக் கணக்கில் மேலே ஆறேழு லிட்டருக்குத்தான் இடம், கோலை விட்டால் வழியும். கெப்ளர் 245.3, பரவளைவு 243.8. இவை சரியென்றால் தாராளமாகக் கலக்கலாம்.

ஆக, உண்மையில் போட்டி இரண்டு கட்சிகளுக்கு நடுவில்தான். முதல் இரண்டும் பக்கப் பலகை தலையிலிருந்து நடுவரை நேர்கோடாகப் போவதாக எடுத்துக்கொள்கின்றன. மிருதங்கக் கட்டை மாதிரி இரு பக்கமும் ஏறக்குறைய நேராகச் சரியும் உருவத்துக்கு இரு கூம்பு பொருந்தும். பீப்பாயின் பலகையோ வளைத்துக் கட்டியது. நடுவில் அகலம் நெடுந்தூரம் அப்படியே நீடித்து, தலைக்கு அருகில்தான் வேகமாகக் குறைகிறது. நேர்கோட்டுக்கும் அந்த வளைவுக்கும் இடையில் விட்டுப்போவதுதான் அந்தப் பதினெட்டு லிட்டர்.

கெப்ளர் என்றால் கோள்களின் பாதையைச் சொன்ன அதே கெப்ளர்தான். 1613-இல் தன் கல்யாணத்துக்கு வாங்கிய திராட்சை மதுவை, வியாபாரி பீப்பாய்த் துளைக்குள் ஒரு கோலைச் சாய்வாக விட்டு அளந்த விதம் பிடிக்காமல், 1615-இல் பீப்பாய் அளவைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயரில் வழங்கும் விதியில் நடு வட்டத்தின் பரப்புக்கு நான்கு பங்கு, இரு தலைகளுக்கும் ஒவ்வொரு பங்கு, கூட்டி ஆறால் வகுத்து உயரத்தால் பெருக்கவேண்டும். பலகை நீள்வட்டமாக வளைந்திருந்தால் விடை அச்சு அசல். பரவளைவாக இருந்தால் ஒன்றரை லிட்டர்தான் கூடுதலாகக் காட்டுகிறது. அதற்காக 8, 4, 3 என்று மனப்பாடம் செய்ய நான் தயாரில்லை.

நம் பீப்பாய் எந்தக் கட்சி என்று நாடாவே சொல்லிவிடும். தலைக்கும் நடுவுக்கும் சரிபாதித் தூரத்தில், இரும்புப் பட்டை இல்லாத இடத்தில் சுற்றளவு எடுத்து, 22/7-ஆல் வகுத்து, பலகைக் கனத்தை இருமடங்காகக் கழியுங்கள். நேர்ப் பலகை என்றால் 58.5 செ.மீ. வரும், வளைவு என்றால் 62-ஐ ஒட்டி வரும். சுற்றளவில் இது பத்துப் பதினொரு செ.மீ. வித்தியாசம், கண்ணில் தப்பாது. நீள்வட்டமா பரவளைவா என்பதை மட்டும் இப்படிப் பிரிக்க முடியாது. அங்கே ஒரு செ.மீ.கூடத் தேறாது.

சூத்திரத்தைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. வெளி அளவை அப்படியே போட்டுவிடுவது. இதே பீப்பாய்க்கு வெளியே தலை 57, நடு 70, மொத்த நீளம் 94. கெப்ளரில் போட்டால் 321 லிட்டர்! நடுவின் உள்விட்டத்தை நேராக அளப்பது சிரமம் என்பதால் வெளிச்சுற்றளவு 220 எடுத்தால் விட்டம் 70. பலகைக் கனம் 2.5 என்றால் இருபுறமும் கழித்து 65. கனத்தை விளிம்பில் பார்க்காதீர்கள், அங்கே சீவியிருப்பார்கள். பக்கத் துளையில் வளைத்த கம்பியை விட்டுப் பாருங்கள். நடு விட்டத்தில் ஒரு செ.மீ. பிசகினால் 5.7 லிட்டர் போகும், தலையில் பிசகினால் 2.3 தான். ஆகவே கவனமெல்லாம் நடுவில் இருக்கட்டும். நெடுநாள் படுத்துக் கிடந்த பீப்பாய் சற்று நசுங்கி முட்டை வடிவாகியிருக்கலாம். அப்போது தலையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டம் எடுத்துச் சராசரி பாருங்கள்.

கடைசித் தீர்ப்புக்கு 20 லிட்டர் தண்ணீர்க் கேன் போதும். நேர்ப்பலகைக் கணக்கு சரியென்றால் பன்னிரண்டாவது கேனில் பாதிகூட இறங்காமல் காடியைத் தொட்டுவிடும். கெப்ளர் சரியென்றால் அந்தக் கேன் முழுக்க இறங்கி இன்னும் ஐந்து லிட்டருக்கு இடம் இருக்கும். ஆனால் காய்ந்த பீப்பாயில் உடனே ஊற்றினால் பலகை இடுக்குகளில் ஒழுகி, இல்லாத கொள்ளளவைக் காட்டும். முதலில் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மரம் உப்பி ஒழுக்கு நின்ற பிறகு, காலிசெய்துவிட்டு அளக்க ஆரம்பியுங்கள்.