நெஞ்சுவலிக்கு பேட்ச்சா, மூன்று வேளை மாத்திரையா? இரவு ஓய்வை வைத்து ஒரு கணக்கு

எனக்கு வயது 63. பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். மேடு ஏறினால் நெஞ்சை அமுக்குகிற வலி வரும், நின்றால் போய்விடும். இதய ரத்தக்குழாய் அடைப்பால் வருகிற ஆஞ்சைனா அது. இதற்காக நைட்ரேட் மருந்தை மூன்று விதமாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் மூன்று வேளை மாத்திரை, அப்புறம் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, இப்போது தோலில் ஒட்டுகிற பேட்ச். பகலில் ஒட்டி இரவில் எடுத்துவிடும் இந்த முறையிலேயே இரண்டு வருடமாக நிற்கிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான். ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குறைத்து, அதன் சுமையை இறக்குகின்றன. முதல் சில நாள் தலைவலி மூன்றிலும் உண்டு. சட்டென எழுந்தால் மூன்றிலும் தலை சுற்றும். இதையெல்லாம் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வு செய்ய வைக்கிற விஷயம் வேறு: இந்த மருந்து உடம்புக்குப் பழகிப்போகும். இரவும் பகலும் விடாமல் உடம்பில் இருந்தால், ஒரு நாளிலேயே அதன் பலன் மங்கத் தொடங்கும். மருந்து உள்ளேதான் இருக்கும், ஆனால் குழாய்கள் தளராது. தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மருந்தில்லாமல் விட்டால்தான் மறுநாள் அது மறுபடி வேலை செய்யும்.

இது பழைய சங்கதி. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நைட்ரோகிளிசரினோடு வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரம் போகப் போக உடம்பு பழகித் தலைவலி அடங்கிவிடும். சனி ஞாயிறு விடுமுறையில் பழக்கம் கலைந்து, திங்களன்று முதலிலிருந்து தொடங்கும். பேட்ச்சில் இருப்பதும் அதே நைட்ரோகிளிசரின்தான். 1980களின் தொடக்கத்தில் பேட்ச் சந்தைக்கு வந்தபோது 24 மணி நேரமும் ஒட்டி வைக்கத்தான் சொன்னார்கள். அப்படி ஒட்டினால் பலன் நிலைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகுதான் இரவில் எடுத்துவிடும் வழக்கம் வந்தது.

ஆனால் பெட்டியில் இன்றும் "5 மில்லிகிராம் / 24 மணி நேரம்" என்ற எழுத்து இருக்கிறது. 24 மணி நேரம் ஒட்டியிருந்தால் இவ்வளவு மருந்து தோல் வழியாக இறங்கும் என்று வேகத்தைச் சொல்கிற அளவு அது. எத்தனை மணி நேரம் ஒட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை. நான் அதைத் தவறாகப் படித்தேன். காலையில் ஒன்றை ஒட்டி, மறுநாள் காலையில் அதை உரித்துவிட்டு இன்னொன்றை ஒட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மேடு உண்டு. பேட்ச் போடுவதற்கு முன், பாதி மேட்டில் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் நெஞ்சு அமுக்கும். பேட்ச் ஒட்டிய முதல் நாள் நிற்காமல் கோயில் வாசல் வரை போனேன். அந்த வாரமே வலி திரும்பி வந்தது, அதே குழாயடியில். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை ஒரே வாரத்தில் மூன்று முறை வைக்க வேண்டியதாயிற்று. நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். நாள் தள்ளாமல் டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு புதிதாக ஒன்றுமில்லை என்றார். மருந்து வாங்கப் போன இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. மருந்தாளுநர் பெண் கேட்டது ஒரே கேள்வி: "அங்கிள், ராத்திரி எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?"

"எடுக்கிறதாம்மா? 24 மணி நேரம்னுதானே போட்டிருக்கு?"

அவர் உடனே டாக்டருக்கு போன் போட்டுப் பேசிவிட்டு நேரத்தை எழுதிக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கு ஒட்டு, மாலை ஏழு மணிக்கு எடு. மூன்றாம் நாள் குழாயடியைத் தாண்டினேன். அளவும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. இரவில் கை காலியாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே கண்ணால் மாத்திரையைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு எனக்குக் கிடைத்தது ஐசோசார்பைட் டைநைட்ரேட், 10 மில்லிகிராம். உறையில் "3 காலி செஹாரி" என்று எழுதியிருக்கும். மூன்று வேளை என்றால் நம் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, படுக்கப் போகும்போது ஒன்று. அந்தக் கடைசி மாத்திரைதான் இரவு ஓய்வைத் தின்றுவிடுகிறது. சரியான முறை ஏழு மணி, பன்னிரண்டு மணி, மாலை ஐந்து மணி, அதோடு நிறுத்தம். சொல்லிக் கொடுத்தால் இதிலும் இரவு ஓய்வு நன்றாகவே கிடைக்கும், மருந்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேரம் தவறினால் வெளியே தெரியாது. ஒன்பது மணிக்கு விழுங்கிய மாத்திரை யார் கண்ணிலும் படாது. பேட்ச் என்றால் மேல்கையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏழு மணிக்கு வீட்டில் சாமி விளக்கு ஏற்றும்போது என் மனைவி என் கையைப் பார்ப்பார். அப்போதே உரித்துவிட்டு, நாட்காட்டியில் அன்றைய தாளையும் கிழித்துவிடுவேன். தாள் கிழிந்திருந்தால் பேட்ச்சும் எடுத்தாயிற்று என்று கணக்கு.

இன்னொன்றும் பேட்ச் பக்கம் என்னை இழுத்தது. சென்ற ஆண்டு வெயிலில் காய்கறிப் பாத்தி கொத்தும்போது கண் இருட்டியது. சூடு பட்டால் தோல் வழியாக மருந்து வேகமாக இறங்கும், அதோடு வியர்த்து உடம்பு நீரும் குறைந்திருந்தது. நிழலில் படுத்துக்கொண்டு பேட்ச்சை உரித்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. விழுங்கிவிட்ட மாத்திரையை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.

பேட்ச்சுக்குப் பராமரிப்பு வேலை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஓரம் கிளம்பும். குளித்துத் துவட்டி, வியர்வை அடங்கிய பிறகு, பவுடரோ தேங்காய் எண்ணெயோ படாத தோலில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மேல்கையின் வெளிப்பக்கம் அல்லது மேல்மார்பு நல்ல இடம். முடி இருந்தால் கத்தரியால் வெட்டலாம். சவரம் செய்தால் தோல் எரியும். நான் வலது கை, இடது கை, வலது மார்பு, இடது மார்பு என்று சுற்றி வருகிறேன். உரித்த இடத்தில் சதுரமாகச் சிவந்திருக்கும், இரண்டு நாளில் மறையும். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஒட்டினால் அரிக்கத் தொடங்கும். உரித்த பேட்ச்சை அப்படியே குப்பையில் போடாதீர்கள். நான் போடுகிற வகையில் மொத்தம் 25 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரத்தில் இறங்குவது சுமார் இரண்டரைதான். மிச்சமெல்லாம் அதிலேயே இருக்கும். பேரப்பிள்ளை எடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டால் ஆபத்து. பசை உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, மூடி போட்ட டப்பாவில் போட்டுவைக்கிறேன். விலையும் ஒரு குறை. மாத்திரை கிளினிக்கில் கிடைத்தது, பேட்ச்சை மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறேன்.

ஒரு நாளைக்கு ஒன்று என்ற மாத்திரை ஐசோசார்பைட் மோனோநைட்ரேட், மெதுவாகக் கரைகிற வகை. காலையில் ஒன்று விழுங்கினால் பகலெல்லாம் தாங்கி, இரவில் தானாகவே குறைந்துவிடும். மென்றோ பொடித்தோ சாப்பிடக்கூடாது. நான் இதை ஆறு வாரம்தான் சாப்பிட்டேன், தலைவலி அடங்கவில்லை என்று டாக்டர் மாற்றிவிட்டார். எனவே இதைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு அனுபவம் போதாது. ஆனால் தனியாக இருப்பவருக்கும், மாலையில் எடுக்க மறந்துவிடுகிறவருக்கும் பேட்ச்சைவிட இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இரவு ஓய்வுக்கு ஒரு விலை உண்டு. அந்த நேரத்தில் நைட்ரேட் காவல் கிடையாது. எனக்கு அதை, இதயத் துடிப்பைக் குறைத்து வைக்கிற பைசோபுரோலால் மாத்திரை பார்த்துக்கொள்கிறது, அதை நான் ஒரு நாளும் விடுவதில்லை. விடியற்காலையில் பேட்ச் ஒட்டுவதற்கு முன் உடம்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கும். ஒட்டியவுடன் மருந்து ஏறாது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நான் ஏழு மணிக்கு ஒட்டி எட்டு மணிக்குக் கோயிலுக்குக் கிளம்புகிறவன், எனக்கு இது சரி. பால்மரம் வெட்டுகிறவருக்கு இது ஒத்துவராது. ஐந்தரை மணிக்கெல்லாம் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர், நாலரைக்கு எழுந்தவுடன் ஒட்டிவிட்டு மாலை நாலரை, ஐந்துக்குள் எடுத்துவிட வேண்டும். படுத்த பிறகு வலி வருகிறவர்களுக்கு டாக்டர் நேரத்தையே தலைகீழாக்குவார்: இரவில் ஒட்டிப் பகலில் எடுப்பது. நேரத்தை நாமாக மாற்றக்கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. பலம் தரும் என்று கடைகளில் விற்கிற சில பாக்கெட் காப்பிகளில் ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கிற மருந்துகளான சில்டெனாபில், தடலாபில் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும். இரவில் பேட்ச் எடுத்துவிட்டோமே, இப்போது குடிக்கலாம் என்ற கணக்கும் தவறு, தடலாபில் உடம்பில் இரண்டு நாள் நிற்கும். அறிமுகமில்லாத காப்பியை எங்கள் வீட்டில் இப்போது வாங்குவதேயில்லை.

இந்த இரண்டு வருடத்தில் இரண்டு முறை பேட்ச்சோடு தூங்கியிருக்கிறேன், இரண்டும் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த இரவுகள். விடிந்ததும் உரித்துவிட்டு, மருந்தாளுநர் பெண் சொல்லி வைத்திருந்தபடி புதியதை மதியத்துக்கு மேல்தான் ஒட்டினேன். அன்று மேடு ஏறவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கண்ணாடிப் புட்டியோடு சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். திறந்து எட்டு வாரம் ஆன புட்டியை நம்பக்கூடாது என்பதால், திறந்த தேதியை மூடி மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். வைத்து ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லையென்றால் 999-க்கு அழைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.